பழைய மேலாளரைக் குறை சொல்லாமல் பதில் சொல்வது

"சிங்கப்பூர் துவாஸில் கிடங்கு ஒருங்கிணைப்பாளரா 3 வருஷம். மேலாளர் எல்லார் முன்னாடியும் கத்துவார், அதனாலதான் கிளம்புறேன். இன்டர்வியூவில் ஏன் விலகுறீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

கத்தல் மட்டும்தான் காரணமா? பெரும்பாலும் இரண்டாவதாக ஒன்று இருக்கும். புது வேலையின் விளம்பரத்தை எடுத்து, இப்போது உங்கள் கையில் இல்லாத வேலை அதில் எது என்று பாருங்கள். அது சுங்க அனுமதி, அதாவது டிரேட்நெட் என்ற அரசு இணைய அமைப்பில் சரக்குக்கு அனுமதி விண்ணப்பிப்பது என்று வைத்துக்கொள்வோம். இப்படிச் சொல்லலாம்:

"3 வருஷமா சரக்கு வரவு, இருப்புக் கணக்கு, லாரி நேரம் எல்லாம் பார்த்தேன். டிரேட்நெட்டில் அனுமதி போடுவது எங்கள் கிடங்கில் இல்லை, வெளி ஏஜென்ட்டிடம் போகும். அதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இங்கே விண்ணப்பித்தேன்."

அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். பலரும் சறுக்குவது இதற்கு அப்புறம். எதிரே இருப்பவர் பேசாமல் குறிப்பெடுப்பார். அந்த அமைதி தாங்காமல் "அங்கே சூழலும் சரியில்லை..." என்று வாய் தானாகத் திறக்கும். திறந்தால் அடுத்த பத்து நிமிடமும் உங்கள் மேலாளரைப் பற்றித்தான்.

"அங்கேயே கேட்டிருக்கலாமே?" என்று நிச்சயம் கேட்பார்கள். கேட்டிருந்தால் என்ன பதில் வந்தது என்று ஒரே வரியில் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் "அந்தப் பிரிவே அங்கே இல்லை" போதும். நடக்காததைச் சேர்க்காதீர்கள், பழைய இடத்தில் விசாரிப்பார்கள்.

"மேலாளரோடு எப்படி?" என்று நேராகவே கேட்டால், "வேகமாக முடிவெடுப்பவர், எழுத்தில் உறுதிசெய்துகொள்ளும் பழக்கம் அவரிடம் வேலை பார்த்ததில் வந்தது" என்பது மாதிரி, உண்மையாக இருப்பதை மட்டும் சொல்லுங்கள்.