"நீ டியூட்டியா? அப்ப இன்னைக்குத் தூக்கம் போச்சு"

கேள்வி: உளவியல் இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். உறுதிப்படுத்தல் சார்பு என்று ஒரு பாடம் வருகிறது. மனிதர்கள் தங்கள் கருத்துக்கு ஒத்துவரும் தகவலை மட்டும் ஏன் கவனிக்கிறார்கள்? தெரிந்தேதான் செய்கிறார்களா?

பதில்:

தெரிந்து செய்வதில்லை. அதனால்தான் அவர்களோடு பேசி ஜெயிக்க முடிவதில்லை. பொய் சொல்கிறவரிடம் "ஏன் பொய் சொல்றீங்க" என்று கேட்டுவிடலாம். தான் பார்த்ததைத்தான் சொல்கிறேன் என்று நம்புகிறவரிடம் என்ன கேட்பது?

உங்கள் பாடத்தில் அரசியல், வதந்தி என்றுதான் உதாரணங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் தொட்டால் யார் பக்கம் நியாயம் என்ற சண்டையிலேயே போய் நிற்போம். எண்ணிப் பார்க்க முடிகிற சின்ன விஷயமாக எடுத்துக்கொண்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது.

நான் ஒரு செவிலியர். முன்பு வேலை பார்த்த வார்டில் எனக்கு ராசியில்லை என்று ஒரு பேச்சு. நான் நைட் டியூட்டியில் இருந்தால் யாருக்காவது திடீரென்று மோசமாகிவிடுமாம். மாலையில் உள்ளே நுழையும்போதே, "நீயா இன்னைக்கு? அப்ப தூக்கம் போச்சு" என்பார்கள். முதலில் கேலியாகத்தான் இருந்தது. பிறகு ஒருவர் தன் டியூட்டியை என்னோடு சேர்த்துப் போட வேண்டாம் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடமே கேட்டார். அப்போதுதான் உறைத்தது. சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, படிக்காதவர்களும் இல்லை. மருந்தின் அளவை இரண்டு முறை சரிபார்த்துக் கொடுக்கிறவர்கள்.

அந்த வார்டின் இரவுகளை நான்கு வகையாகப் பிரித்துப் பாருங்கள். நான் இருந்து எமர்ஜென்சி வந்த இரவு. நான் இருந்தும் ஒன்றும் நடக்காத இரவு. நான் இல்லாமல் எமர்ஜென்சி வந்த இரவு. நானும் இல்லை, எமர்ஜென்சியும் இல்லை என்ற இரவு. "அவள் இருந்தால் எமர்ஜென்சி வருகிறதா" என்பதற்குப் பதில் சொல்ல இந்த நான்கும் வேண்டும். ஆனால் காலையில் கதையாகப் பேசப்படுவது முதல் வகை மட்டும்தான். இரண்டாவது வகை இரவில் பேச என்ன இருக்கிறது? எல்லோரும் தூங்கினார்கள், விடிந்தது. மூன்றாவது வகைக்கு வேறு காரணம் தயாராக இருக்கும், "அந்தக் கேஸ் சாயங்காலத்துல இருந்தே சரியில்ல" என்று. நான்காவது யார் கணக்கிலும் வராது.

இது எங்கள் வார்டின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். யான் ஸ்மெட்ஸ்லண்ட் என்ற நார்வே உளவியலாளர் 1963-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையேதான் சோதித்தது, அதுவும் செவிலியர்களை வைத்து. நோயாளிகளைப் பற்றிய 100 அட்டைகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஓர் அறிகுறி இருக்கிறதா, ஒரு நோய் இருக்கிறதா என்று மட்டும் குறித்திருக்கும். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது கேள்வி. அறிகுறியும் நோயும் சேர்ந்து இருந்த அட்டைகள் 37. அறிகுறி இருந்து நோய் இல்லாதவை 33. அறிகுறி இல்லாமல் நோய் மட்டும் இருந்தவை 17. இரண்டும் இல்லாதவை 13.

பெரும்பாலானோர் தொடர்பு இருக்கிறது என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, இரண்டும் சேர்ந்த அட்டைகள் எத்தனை என்று காட்டினார்கள். 37 என்பது நான்கிலும் பெரிய எண்தான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறிகுறி உள்ளவர்கள் மொத்தம் 70 பேர், அவர்களில் 37 பேருக்கு நோய், அதாவது 53 சதவீதம். அறிகுறி இல்லாதவர்கள் 30 பேர், அவர்களில் 17 பேருக்கு நோய், அதாவது 57 சதவீதம். அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோய் வருவது கிட்டத்தட்ட ஒரே அளவில்தான். 37 பெரிதாகத் தெரிந்ததற்கு ஒரே காரணம், அந்த அறிகுறி உள்ளவர்களே அதிகம் பேர் இருந்தார்கள். இதை நினைவில் வையுங்கள், என் கதைக்கு இதுதான் சாவி.

(யாராவது வந்து "இது உறுதிப்படுத்தல் சார்பு இல்லை, போலித் தொடர்பு, இரண்டும் வேறு பாடம்" என்று எழுதுவார்கள். சரி, வேறு பாடம்தான். ஆனால் வாழ்க்கையில் இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றன. முதலில் இல்லாத தொடர்பு ஒன்று கண்ணில் படுகிறது, பிறகு அதற்கு ஒத்துவருவது மட்டும் சேர்கிறது.)

சரி, ஏன் ஒத்துவருவதை மட்டும் தேடுகிறோம்? பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் வெளியிட்ட சோதனையை நீங்கள் வீட்டில் யாரிடமும் செய்து பார்க்கலாம். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் என் மனதில் உள்ள ஒரு விதிக்குப் பொருந்தும் என்று சொல்லுங்கள். அவர்கள் வேறு மூன்று எண்கள் சொல்லி, பொருந்துகிறதா என்று கேட்டுக்கொண்டே போகலாம். விதி என்னவென்று உறுதியானதும் அறிவிக்க வேண்டும். பெரும்பாலும் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும் என்பீர்கள். 20, 22, 24 என்பார்கள். பொருந்தும். உடனே "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று அறிவிப்பார்கள். தவறு. விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். 1, 2, 50 என்று ஒரு முறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வேசனிடம் வந்த 29 பேரில் முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னவர்கள் 6 பேர்.

இங்கே யாருக்கும் 2-ஐயும் 4-ஐயும் பிடிக்கும் என்பதில்லை. கட்சியும் இல்லை, கோபமும் இல்லை. ஆனாலும் "ஆமாம்" என்ற பதில் வரக்கூடிய கேள்விகளையே கேட்கிறார்கள். கிளேமன், ஹா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987-இல் இதற்கு ஒரு நியாயமும் சொன்னார்கள்: சந்தேகம் உள்ள இடத்தில் முதலில் தேடுவது பல நேரம் புத்திசாலித்தனமான வழிதான். உண்மைதான். காய்ச்சல் உள்ளவரிடம்தான் முதலில் தொற்றைத் தேடுவோம், வார்டில் உள்ள எல்லோரிடமும் தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது. உங்கள் ஊகம் உண்மையான விதியைவிடக் குறுகலாக இருக்கும்போதுதான் அந்த வழி காலை வாரும். 2, 4, 6-இல் நடப்பது அதுதான். கேட்டதற்கெல்லாம் "ஆமாம்" வந்துகொண்டிருக்கும், ஊகத்தின் எல்லைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

என் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நானே எண்ணினால் எனக்குச் சாதகமாக எண்ணினேன் என்பார்கள், அதுவும் நியாயமான சந்தேகம்தான். அதனால் இந்தப் பேச்சில் அக்கறையே இல்லாத, புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கையிடம் கொடுத்தேன். எண்ணத் தொடங்கும் முன்பே எமர்ஜென்சி என்றால் எது என்று இருவரும் எழுதி வைத்தோம்: இரவில் டாக்டரை அவசரமாக அழைத்ததாகவோ, நோயாளியை ஐசியூவுக்கு மாற்றியதாகவோ ரிப்போர்ட் புக்கில் பதிவு இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதாவிட்டால் எண்ணுவதே வீண். "மோசமான இரவு" என்பது அவரவர் இஷ்டத்துக்கு நீளும் ரப்பர். அவள் சில மாதப் பதிவுகளைப் புரட்டி நான்கு கட்டங்களையும் நிரப்பினாள்.

நான் இருந்த இரவுகளிலும் இல்லாத இரவுகளிலும் எமர்ஜென்சியின் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஆனால் வெறும் எண்ணிக்கையில் பார்த்தால் என் இரவுகளில்தான் எமர்ஜென்சி அதிகம். காரணம் எளிது. அந்த வார்டில் மற்ற எல்லோரையும்விட எனக்குத்தான் நைட் அதிகம் போட்டிருந்தார்கள். ஸ்மெட்ஸ்லண்டின் அந்த 70 பேர் மாதிரி.

நைட் ஏன் எனக்கு அதிகம் என்று கேட்டால் அது தனிக் கதை. கல்யாணம் ஆகவில்லை, "உனக்கென்ன, வீட்டுல யாரு காத்திருக்கா" என்பார்கள். என் அம்மா காத்திருந்தார். ரோஸ்டர் போடுகிறவர்கள் அம்மாவைக் குடும்பம் என்று எண்ணுவதில்லை போலும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நைட்டையும் என் தலையில் கட்டிவிட்டு, நைட்டில் நடப்பதையும் என் கணக்கில் எழுதினால் எப்படி?

தாளைக் காட்டினேன். எல்லோரும் மனம் மாறியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தீர்களா? மூத்த அக்கா ஒருவர் படித்துவிட்டு, "புக்குல எழுதுறது மட்டும்தான் எமர்ஜென்சியா? உன் நைட்டுல வர்றது எல்லாம் சீரியஸா இருக்கும்டி" என்றார். அளவுகோலே நகர்ந்துவிட்டது. முதல் நாள்வரை எத்தனை என்பதுதான் பேச்சு, இப்போது எவ்வளவு தீவிரம் என்பது பேச்சு.

இதற்கும் ஆய்வு உண்டு. 1979-இல் லார்ட், ராஸ், லெப்பர் ஆகிய மூன்று உளவியலாளர்கள், மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களையும் எதிர்ப்பவர்களையும் அழைத்து இரண்டு ஆய்வறிக்கைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று, தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றது. மற்றொன்று, குறைக்கவில்லை என்றது. இரண்டுமே சோதனைக்காகத் தயாரித்தவை. இரு தரப்பும் தங்களுக்கு ஒத்துவந்த அறிக்கையை நன்றாகச் செய்யப்பட்டது என்றார்கள், ஒத்துவராததில் ஓட்டைகளை அடுக்கினார்கள். அதில் கவனியுங்கள், எதிர்த் தகவலை அவர்கள் பார்க்காமல் விடவில்லை. அதில் குறை கண்டுபிடிக்கும் அளவுக்கு உற்றுப் பார்த்தார்கள். ஆகவே "ஒத்துவருவதை மட்டும் கவனிக்கிறோம்" என்று உங்கள் கேள்வியில் இருப்பது பாதிதான். ஒத்துவராததையும் கவனிக்கிறோம், ஆனால் அதை மட்டும் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறோம்.

1984-இல் லார்டும் லெப்பரும் பிரெஸ்டன் என்பவரோடு சேர்ந்து இதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தார்கள். ஒரு குழுவிடம், நீதிபதி போல நடுநிலையாக இருங்கள் என்றார்கள். பலனில்லை. எல்லோரும் தாங்கள் ஏற்கெனவே நடுநிலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு குழுவிடம், இதே முறையில் செய்த ஆய்வு எதிரான முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பெண் போடுவீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களிடம் சாய்வு குறைந்தது.

அதனால் அந்த அக்காவிடம் "ஓரவஞ்சனை பண்ணாதீங்க" என்று நான் சொல்லவில்லை. "இதே தாள்ல என் நைட்டுலதான் ஜாஸ்தின்னு வந்திருந்தா, சீரியஸா இல்லையான்னு கேட்டிருப்பீங்களா அக்கா?" என்றுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "கேட்டிருக்க மாட்டேன்" என்றார். மற்ற இருவர் கடைசிவரை மாறவில்லை. ரோஸ்டரும் மாறவில்லை.