தரை உடைக்கும் வாரத்துக்குத் தனி விதி வேண்டும்

கேள்வி: உவர்மலையில் ஐந்து மாடிக் கட்டடமொன்றில் குடியிருக்கிறோம். நான்காம் மாடி வீட்டை வாங்கியவர் தரை முழுவதும் பழைய டைல்ஸை உடைத்துப் புதிது பதிக்கப் போகிறார். இருப்பது ஒரேயொரு லிப்ட். மூன்றாம் மாடியில் என் அம்மா தொய்வு நோயாளி. குடியிருப்பாளர் குழுவின் செயலாளர் என்ற முறையில் ஒப்பந்தக்காரருக்கு என்ன விதிகளை எழுதிக் கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, விதி எழுதுவதற்கு முன்னர் அந்த வீட்டுக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள். பழைய தரையை உடைத்துத்தான் ஆக வேண்டுமா? ஒரு சிறிய மரச் சுத்தியலால் டைல்ஸைத் தட்டிப் பார்த்தால், அடித்தளத்துடன் நன்றாகப் பிடித்திருப்பவை கெட்டியான ஓசையும் விட்டுப் போனவை பொள்ளலான ஓசையும் தரும். பெரும்பாலானவை கெட்டியாக இருந்தால், உரிய ஒட்டுப்பசையைப் பூசி அவற்றின் மேலேயே புதியதைப் பதிக்கலாம். கதவுகளின் அடியைச் சிறிது சீவ வேண்டிவரும்; கூடும் பாரத்தைத் தளம் தாங்குமா என்று பொறியியலாளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். ஆயினும் இரைச்சல், தூசு, லிப்ட் ஆகிய மூன்று தொல்லைகளிலும் பெரும்பங்கு உடைக்கும் வேலையோடுதான் வருகிறது என்பதால், இந்தக் கேள்வி முதலில் கேட்கப்பட வேண்டியது.

உடைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், வேலை முழுவதற்கும் ஒரே நேர அட்டவணை போட வேண்டாம். பதிப்பது, பூசுவது, பெயின்ற் அடிப்பது போன்றவை காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை நடக்கலாம். அவை யாருடைய உறக்கத்தையும் கெடுப்பதில்லை. உடைப்பதையும் துளையிடுவதையும் மட்டும் முற்பகல் ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரையும், பிற்பகல் இரண்டரை முதல் நாலரை வரையும் என்று வரையறுங்கள். நாட்டின் 1996 ஆம் ஆண்டு இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் கட்டுமான வேலைகளுக்குப் பகலில் 75 டெசிபல் வரை இடமளிக்கின்றன. ஆனால் அது காற்றின் வழியாக அயல் காணிக்குச் செல்லும் ஓசையைக் கருதி வைத்த எல்லை. உங்கள் கட்டடத்தில் அதிர்வு கொங்கிறீற்றின் வழியாகவே ஓடி, இரண்டு மாடி தள்ளியிருப்பவருக்கும் தன் தலைக்கு மேலேயே இடிப்பதுபோலக் கேட்கும். ஆகவே அந்த எல்லையைக் காட்டி ஒப்பந்தக்காரர் வாதாட இடம் வைக்க வேண்டாம். ஞாயிறும் போயா நாளும் வேலையில்லை என்றும், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்னரே உடைப்பு நின்றுவிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் வைத்தியசாலையில் இரவுக் கடமை பார்ப்பவர்களும் எந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, அந்தக் கால இடைவெளிகளை அவர்களுக்கேற்ப நகர்த்தலாம்.

அடுத்தது தூசு. உங்கள் அம்மாவை நினைத்து இதை விரிவாகவே எழுதுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற தூசு விரைவில் தரையில் படிந்துவிடும். துன்பம் தருவது கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கிற நுண்தூசு. டைல்ஸிலும் மணற்சாந்திலும் இருக்கும் சிலிக்கா அந்த வடிவில் நுரையீரலின் அடி வரை செல்லும். தொய்வு இருப்பவருக்கு இழுப்பை உடனே கிளப்பிவிடும். நாளும் அதிலேயே நிற்கிற மேசன்மாருக்கோ காலப்போக்கில் ஆறாத நோயையே கொடுக்கும். எனவே உலர்ந்த நிலையில் கிரைண்டரால் டைல்ஸ் வெட்டுவதை முற்றாகத் தடைசெய்யுங்கள். நேர் வெட்டுகளுக்குக் கைக் கட்டரே போதும். மற்றவற்றுக்கு நீர்த் தொட்டி பொருத்திய மேசை வெட்டி வேண்டும். சாதாரணக் கிரைண்டர்மேல் தண்ணீர் ஊற்றி வெட்டுகிற வழக்கத்தை அனுமதிக்காதீர்கள், மின்தாக்கத்துக்கு அதுவே வழி. உடைக்கும்போது தரையை நனைத்துக்கொண்டே உடைக்க வேண்டும்; விளக்குமாற்றால் உலரப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தும் நடைபாதையில் தூசு படிவதைப் பல கட்டடங்களில் பார்க்கலாம். பெரும்பாலும் அதன் காரணம் யன்னல். காற்றடிக்கும் பக்கத்து யன்னல் திறந்திருந்தால், வீட்டுக்குள் நுழைந்த காற்று வாசற்கதவின் இடுக்கால் நடைபாதைக்கு வெளியேறும், தூசையும் தள்ளிக்கொண்டு. ஆகவே காற்றுக்கு எதிர்ப்பட்ட யன்னல்களை மூடிவிட்டு, மறுபக்கத்து யன்னல் ஒன்றில் காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்தி, வாசலில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இரண்டு பொலித்தீன் திரைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். குளியலறைக் காற்றுத்துளை பொதுக் குழாய்க்குள் திறக்கிறதென்றால், அதையும் நாடாவால் ஒட்டி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசு கீழ்வீட்டுக் குளியலறை வழியாகவே வந்துவிடும். சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, கொளுத்திய ஊதுபத்தி ஒன்றை வாசற்கதவின் அடி இடுக்கருகே பிடியுங்கள். புகை வீட்டுக்குள் இழுபட்டால் நல்லது; நடைபாதைப் பக்கம் திரும்பினால் உடைப்பை நிறுத்தி யன்னல்களைப் பார்க்க வேண்டும். திருகோணமலையில் கச்சான் காலத்தில் காலையில் தரைப்பக்கமிருந்து அடித்த காற்று பிற்பகலில் கடற்காற்றாக மாறிவிடுவதுண்டு என்பதால், இந்தச் சோதனையைக் காலையும் பிற்பகலும் செய்வது நல்லது. விசிறி இருக்கும் பக்கத்துக் கீழ்வீட்டாரிடம் அந்த நேரத்தில் தங்கள் யன்னல்களை மூடும்படி முதல்நாளே சொல்லிவிடுங்கள். உடைப்பு நாட்களில் அம்மா பகற்பொழுதை உறவினர் வீட்டில் கழிக்க முடியுமானால் அதுவே இவை எல்லாவற்றிலும் மேலானது.

லிப்ட் விதியை எழுதுமுன் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுத் தரை 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். டைல்ஸும் அதன் கீழுள்ள சாந்தும் சேர்ந்து ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பு என்றால், இடிபாடு மட்டும் ஏறத்தாழ ஐந்தரைத் தொன் வரும். அதை 25 கிலோ கொண்ட உரப்பைகளாகக் கட்டினால் 220 பைகளுக்குக் குறையாது. எட்டுப் பேருக்கான லிப்டில் வழக்கமாக 630 கிலோ என்று எழுதியிருக்கும். உங்களுடையதில் உள்ள தகட்டைப் பாருங்கள். அது ஆட்கள் பரவி நிற்பதற்கான அளவு. பைகளை ஒரு மூலையில் குவித்தால் பெட்டி ஒருபக்கம் சாய்ந்து, அதை வழிநடத்தும் தண்டவாளங்களை அழுத்தித் தேய்க்கும். ஆகவே அதில் பாதியை எல்லையாக்குங்கள்: இரண்டு தொழிலாளரும் ஆறு பைகளும், பைகள் தளத்தின் நடுவில். அப்படியானால் ஏறத்தாழ 37 தடவை இறங்க வேண்டும். ஏற்றி இறக்க ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் பிடித்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல். நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி வரை லிப்டை ஒதுக்கினால் நான்கு நாட்களில் முடியும். புதிய டைல்ஸ், சீமெந்து, மணல் மேலேறும்போதும் கிட்டத்தட்ட அதே பாரம்தான் என்பதால் அதற்கும் இதுபோல நாள் குறியுங்கள். இந்த நேரங்களைக் கீழ்த்தளத்தில் எழுதி ஒட்டினால், முதியவர்கள் தம் பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்கள்.

புதுப்பிப்பு வேலையின்போது லிப்ட் நின்றுபோகும்போது, பாரத்தைவிடக் கதவின் அடிப்பள்ளத்தில் விழும் கல்துகளையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சிறு சாந்துத் துண்டொன்று அந்தப் பள்ளத்தில் சிக்கினாலே கதவு முழுதாக மூடாது. மூடாத கதவோடு லிப்ட் நகராது. கதவு பாதியில் திரும்பத் திரும்பத் திறந்துகொள்வதுதான் இதன் அடையாளம். பைகளைப் பாதியளவே நிரப்பி வாயைக் கட்ட வேண்டும் என்றும், ஒதுக்கிய நேரம் முடிந்ததும் எல்லா மாடிகளிலும் அந்தப் பள்ளத்தைத் தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். நீர் சொட்டும் பை, கதவுக்கு முட்டுக் கொடுத்த பை இரண்டுக்கும் இடமில்லை. பெட்டியின் சுவர்களுக்கு மெல்லிய பலகை அடிக்கலாம். காற்றுத் துளைகளையும் பொத்தான்களையும் மறைக்கக் கூடாது, பலகையின் எடையையும் பாரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த விதிகளில் ஒப்பமிட வேண்டியவர் ஒப்பந்தக்காரர் அல்லர், வீட்டுக்காரர். மேசன்மார் நடுவில் மாறக்கூடும். தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உங்களுக்கு இருந்தால், அதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் அவரே. வேலை தொடங்கும் காலையில் லிப்டையும் நடைபாதையையும் அவர் முன்னிலையில் படம் எடுத்து வைத்துவிட்டு, மீளளிக்கத்தக்க வைப்புத் தொகையைப் பெறுங்கள். லிப்டைப் பராமரிக்கும் நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் அடிக்குழியையும் கதவுகளையும் பார்த்துச் சரியென்று எழுதிக் கொடுத்த பின்னரே அதைத் திருப்பிக் கொடுங்கள்.