கேப்சர் கார்டில் தாமதம் எங்கே சேர்கிறது?

"கேப்சர் கார்டு வழியா OBS-ல பார்த்து விளையாடினா, பட்டனை அழுத்தி கொஞ்சம் கழிச்சுத்தான் ஆள் குதிக்கிறான். கார்டு பழுதா?"

பழுதில்லை. 1080p, 60 ஃபிரேம் படம் சுருக்காமல் வந்தால் விநாடிக்குச் சுமார் 250 மெகாபைட், யூஎஸ்பி 2.0-வோ கணக்குப்படியே 60 மெகாபைட்தான் தாங்கும். அதனால் அந்த வகைக் கார்டு ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கி அனுப்ப, கணினி அதை விரித்து, வரிசையில் நிறுத்தி, அப்புறம்தான் திரையில் வரைகிறது. ஒரு ஃபிரேம் காத்திருந்தாலே 17 மில்லிவிநாடி போச்சு. யூஎஸ்பி 3.0 கார்டில் பெரும்பாலும் சுருக்கும் வேலை இல்லை, வரிசை மட்டும் இருக்கும்.

விண்டோஸில் OBS-ன் Video Capture Device அமைப்பில் `Buffering`-ஐ `Disable` ஆக்கினால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. கார்டில் எச்டிஎம்ஐ அவுட் இருந்தால் அதில் டிவியை மாட்டி, டிவியைப் பார்த்தே விளையாடுங்கள், அந்த வழி கணினிக்குள் போவதே இல்லை. சந்தேகமென்றால் இரண்டு திரையும் ஒன்றாகத் தெரியும்படி போனில் ஸ்லோமோஷன் எடுங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.