கைடு அட்டை எந்த வாசலில் செல்லும்? திருமங்கலத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம். மகள் பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டு, சுற்றுலா வழிகாட்டி ஆக வேண்டும் என்கிறாள். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு பெரியார் பேருந்து நிலையம் பக்கம் ஒரு டிராவல்ஸ் கடையில் சேரப் போகிறான். மூன்று மாதப் படிப்பு, முடிந்ததும் 'அரசு கைடு லைசென்ஸ்' கையில், கட்டணம் 45,000 ரூபாய் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது, கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அவசரம் உங்களுக்கு இல்லை, அவர்களுக்குத்தான்.

பயிற்சிச் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் திறன் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தில் 'டூர் கைடு' என்றும் 'டிராவல் கன்சல்டன்ட்' என்றும் படிப்புகள் இருக்கின்றன. ஒரு தனியார் நிறுவனம் அதை முறையாக நடத்தலாம், அரசு முத்திரையுள்ள சான்றிதழும் கிடைக்கலாம். வேலை கேட்டுப் போகும்போது அது உதவும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு பயணிகளைச் சுற்றிக் காட்டும் உரிமையை அந்தச் சான்றிதழ் தராது. உரிமத்தைத் தருவது அரசுத் துறை மட்டும்தான். ஆகவே அந்த நிறுவனத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அட்டையில் கையெழுத்துப் போடுவது எந்தத் துறையின் எந்த அதிகாரி? அந்தத் துறையின் அறிவிப்பைக் காட்டுங்கள்." பதிலில் 'டை-அப்', 'அஃபிலியேஷன்' என்ற சொற்கள் மட்டும் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

உரிமம் எதற்கு என்பதை ஒரு நாள் வேலையை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரு பிரெஞ்சுத் தம்பதியை உங்கள் மகள் மதுரையில் ஒரு நாள் அழைத்துப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கீழக்குயில்குடி சமணர் மலை, அடுத்து திருமலை நாயக்கர் மகால், மாலையில் மீனாட்சியம்மன் கோயில். ஊர் ஒன்றுதான், வாசலுக்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர்.

சமணர் மலை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 1959-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. அதன் 8-ஆவது விதி, தொல்லியல் அதிகாரி தந்த உரிமம் இல்லாமல் காசுக்குப் பார்வையாளரைச் சுற்றிக் காட்டக் கூடாது என்கிறது. பொருள் விற்பதையும் விளம்பரம் வைப்பதையும் தடுக்கும் அதே வரியில்தான் இதுவும் வருகிறது. அந்த மலையிலுள்ள செட்டிப்புடவிலோ பேச்சிப்பள்ளத்திலோ காவலாளி எல்லா நாளும் கேட்பார் என்பதில்லை. கேட்கிற நாளில் அட்டை இல்லாவிட்டால் பயணிகள் முன்னால் இறங்கி வர வேண்டியதுதான். அனுப்பிவைத்த டிராவல்ஸ் அடுத்த முறை வேறு ஆளைத்தான் கூப்பிடும்.

திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையுடையது. அதற்குச் சட்டம் வேறு, 1966-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம். மீனாட்சியம்மன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருவது. அங்கே நிர்வாகம் வைக்கிற ஒழுங்குதான் செல்லும். கைடுகள் விஷயத்தில் இன்றைய நடைமுறை என்ன என்று கோயில் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அட்டையை மூன்று இடத்திலும் காட்டலாம், ஆனால் அது மூன்று கதவுக்கும் ஒரே சாவி என்று நினைத்துவிடக் கூடாது.

கோயிலில் புது கைடுகள் சறுக்குவது பெரும்பாலும் உரிமத்தில் இல்லை, நேரத்திலும் கைப்பேசியிலும்தான். மதியம் 12.30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். மகாலை முதலில் வைத்து, கோயிலுக்குப் பதினொன்றரைக்கு வந்து வரிசையில் நின்றால் அந்த நாள் கெட்டது. 2018 முதல் உள்ளே கைப்பேசி கிடையாது. ஆண்டுகளையும் சிற்பப் பெயர்களையும் கைப்பேசியில் குறித்து வைத்திருப்பவர் வாசலில் அதை ஒப்படைத்த பிறகு வெறுங்கையோடு நிற்பார். கையடக்கக் குறிப்பேடு ஒன்று வேண்டும். இந்து அல்லாதவர்கள் சன்னதிக்குள் போக முடியாது என்பதையும் ஓட்டலிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே வந்து எல்லையில் நிறுத்திச் சொன்னால் அவர்களுக்கு அவமானம், இவளுக்குப் புகார். அந்தப் புகார் புதுப்பிக்கும்போது எங்கே வந்து நிற்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி உரிமம் பெறும் வழி. மத்திய சுற்றுலா அமைச்சகம் பழைய 'ரீஜனல் லெவல் கைடு' முறைக்குப் பிறகு 2020-இல் இணையவழிச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதலில் 'இன்கிரெடிபிள் இந்தியா டூரிஸ்ட் ஃபெசிலிடேட்டர்' என்றார்கள், பிறகு 'டூரிஸ்ட் கைடு' என்று பெயர் மாற்றினார்கள். அடிப்படைப் படிப்பு, மேல்நிலைப் படிப்பு, அயல்மொழிப் படிப்பு, பழைய கைடுகளுக்குப் புத்தாக்கப் படிப்பு எனப் பிரிவுகள் உண்டு. உங்கள் மகள் சேர வேண்டியது அடிப்படைப் படிப்பில். வீட்டிலிருந்தே படிக்கலாம், பிறகு தேர்வு. கட்டணத்தை அமைச்சகத்தின் தளத்திலேயே நேராகச் செலுத்த வேண்டும், நடுவில் யாரும் தேவையில்லை. தள முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள்.

மாநில சுற்றுலாத் துறையும் அவ்வப்போது அறிவிப்பு விட்டு, வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் தருகிறது. அது ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் கதவு இல்லை. மேலவெளி வீதியில் உள்ள சுற்றுலா அலுவலகத்துக்கு நேரில் போய், அடுத்த அறிவிப்பு எப்போது என்று கேட்டு வருவது அரை நாள் வேலை. இரண்டையும் முயன்று பார்க்கலாம்.

தேர்வில் தோற்றுத் தாமதமாகிறவர்களைவிடத் தாளில் சிக்கித் தாமதமாகிறவர்கள் அதிகம். நம் ஊரில் அதற்குப் பெரிய காரணம் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா செல்வம்', வங்கிக் கணக்கில் 'கவிதா எஸ்' என்று இருந்தால் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். விண்ணப்பத்தைத் திறக்கும் முன் ஆதாரை மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள். அடுத்தது காவல்துறைச் சரிபார்ப்பு. தமிழ்நாடு காவல்துறையின் eservices.tnpolice.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம். சரிபார்ப்பு இப்போது குடியிருக்கும் முகவரியை வைத்து நடக்கும். மகள் மதுரையில் விடுதியில் தங்கி, திருமங்கலம் முகவரியைக் கொடுத்தால், காவலர் வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்க மாட்டார், கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். எந்த முகவரியைக் கொடுக்கிறாளோ அங்கே அவள் இருக்க வேண்டும்.

மொழி பற்றி ஒரு சொல். ஆங்கிலம் மட்டும் தெரிந்த கைடுகள் மதுரையில் தட்டுப்பாடில்லை. பிரெஞ்சோ ஜெர்மனோ இருந்தால்தான் அக்டோபர் முதல் மார்ச் வரை அழைப்பு நிற்காமல் வரும். ஆனால் ஆறு மாத வகுப்பில் வரும் ஏ2 என்ற தொடக்க நிலை காபி கேட்பதற்குத்தான் போதும். திருக்கல்யாணத்தையும் பாண்டியர், நாயக்கர் கட்டுமான வேறுபாட்டையும் சொல்ல, சரளமாகப் பேச வரும் பி2 நிலை வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்த 45,000 ரூபாயைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

புதுப்பித்தலுக்கு வருவோம். பிள்ளைகள் இதை அட்டை காலாவதியான பிறகுதான் நினைப்பார்கள். அட்டையில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் புதிய காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கப்பட்டால் அதற்கே சில வாரம் போகும். துறை புத்தாக்கப் பயிற்சி என்று அறிவித்திருந்தால் அதை முடித்த சான்று வேண்டும். சீசன் நடுவே பயிற்சி வந்தது, வேலை இருந்தது, போகவில்லை என்பது காரணமாக ஏற்கப்படாது. மூன்றாவது, புகார்கள். பயணியைக் கடைக்கு இழுத்துப் போய் கமிஷன் வாங்கியது, பேசிய தொகைக்கு மேல் கேட்டது, அட்டையை நண்பனிடம் கொடுத்து அனுப்பியது போன்றவை எழுத்தில் வந்திருந்தால் அட்டை நிறுத்தப்படலாம். புதுமண்டபம், சித்திரை வீதிப் பக்கம் கைவினைக் கடைகள் கமிஷன் நீட்டத்தான் செய்யும். அதில் கிடைக்கும் தொகை அன்றைய டீச் செலவுக்கு ஆகும், ஆபத்து அட்டைக்கு.

எனவே முதல் நாளிலிருந்து ஒரு பதிவேடு வைக்கட்டும். தேதி, அனுப்பிய நிறுவனம், எத்தனை பேர், எந்த இடங்கள், பேசிய தொகை, வாங்கிய தொகை என்று ஒரு வரி போதும். ரசீது நகலை அதே நோட்டில் ஒட்டிவைக்கலாம். புகார் வந்தால் அன்றைக்கு என்ன நடந்தது என்று காட்ட அவளிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

மகன் விஷயம் சுருக்கமாக. டிராவல் கன்சல்டன்ட் என்ற தனிநபருக்கு மத்திய அரசு உரிமம் எதுவும் தருவதில்லை, அங்கீகாரம் நிறுவனத்துக்குத்தான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் கட்டாயமில்லை, விரும்பினால் பெறலாம். ஐந்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். விமான டிக்கெட்டுக்கு, அயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் தரும் அங்கீகாரமும் அப்படியே நிறுவனத்துடையது. 'அயாட்டா படிப்பு' முடித்தவரால் அந்தச் சான்றை வைத்துக் கடை திறந்து டிக்கெட் வெளியிட முடியாது. அவன் கற்க வேண்டியது அமேடியஸ் அல்லது கலிலியோ முன்பதிவு மென்பொருளும், விசா ஆவண வேலையும்.

சேரும் முன் அந்தக் கடையில் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ரயில் டிக்கெட்டை ஐஆர்சிடிசி முகவர் கணக்கில் போடுகிறார்களா, அல்லது ஊழியர்கள் பெயரில் உள்ள சொந்தக் கணக்குகளில் போட்டுக் கூடுதல் காசு வாங்குகிறார்களா? இரண்டாவது என்றால் அது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 143-இன் கீழ் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஏசி தட்கல் காலை 10 மணிக்குத் திறக்கும், முகவர்களுக்கு முதல் அரை மணி நேரம் அனுமதி கிடையாது. 10.05-க்கு அந்தக் கடையில் தட்கல் சூடாக நடக்கிறதென்றால் அது முகவர் கணக்கில் நடக்கவில்லை. சோதனை வந்தால் கணினி முன் உட்கார்ந்திருப்பது முதலாளியாக இருக்காது, உங்கள் மகனாக இருப்பான்.

அடுத்து, அதே கடை துபாய்க்கும் மலேசியாவுக்கும் வேலைக்கு ஆள் அனுப்புகிறதா? அப்படியென்றால் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்படி ஆட்சேர்ப்பு முகவராகப் பதிவு இருக்க வேண்டும். emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது. கடையின் பெயர் பலகையில் உள்ளபடியே அதில் தேடிப் பாருங்கள். பெயர் இல்லாமல், 'டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கலாம்' என்று கவுண்டரில் பேச்சு நடந்தால், அந்தக் கடையில் அவனைச் சேர்க்க வேண்டாம்.