சூப்பர் குளூ ஒட்டாத பொம்மைக் காரை எப்படிச் சரிசெய்வது?

“குழந்தை உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் காரின் இருக்கையில் விரிசல். சூப்பர் குளூ போட்டால் மறுநாளே பிரிகிறது. சரிசெய்து இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கலாமா?”

கொடுக்கலாம், ஆனால் பசையை மறந்துவிடுங்கள். இப்படிப்பட்ட கார்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மெழுகு போன்ற அந்த மேற்பரப்பில் சாதாரணப் பசை பிடிக்காது. உடைந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றைத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்து மேலே வந்தால் இந்த வகைதான். மூழ்கினால் ஏபிஎஸ் போன்ற வேறு வகையாக இருக்கலாம், அதில் சூப்பர் குளூ பிடிக்கும்.

மிதக்கும் வகையைத் தைக்கத்தான் வேண்டும். முதலில் விரிசல் முடியும் நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். இதை விட்டால் தையலைத் தாண்டி விரிசல் ஓடும். பிறகு விரிசலின் இரு பக்கமும், விளிம்பிலிருந்து 8 மி.மீ. தள்ளி, 2 செ.மீ.க்கு ஒரு ஜோடி துளை. ஒவ்வொரு ஜோடியிலும் 2.5 மி.மீ. கேபிள் டை ஒன்றைக் கோத்து, பூட்டு அடிப்பக்கம் வரும்படி இறுக்குங்கள். வால் நுனியை ஒட்ட நறுக்காவிட்டால் கத்திபோல் கீறும். நகவெட்டி இதற்கு நல்ல கருவி.

துளை போடும்போதே பிளாஸ்டிக் சுருளாக வராமல் பொடியாக உதிர்ந்தால் நிறுத்திவிடுங்கள். வெயிலில் கிடந்து நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது, தையல் போட்ட இடத்திலேயே மறுபடி பிளக்கும். அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம். இரும்பு அச்சு, திருகு, பேட்டரி எல்லாவற்றையும் கழற்றி, அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக் வகையைக் காட்டும் எண் 5 அல்லது 2 என்று இருக்கிறதா பார்த்து, பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லிப் போடுங்கள்.