25,000-ல் ‘பின்’ ஆகும் என்கிறார்கள், கடைசி வரை காத்திருக்கலாமா?

“வேளச்சேரியில் இருக்கிறேன். ஒரு டெலிகிராம் குரூப்பில் சொன்னபடி, வெள்ளிக்கிழமை மாலை நிஃப்டி 25,000-ல் ஒரு லாட் அயர்ன் பட்டர்ஃபிளை போட்டேன். செவ்வாய் எக்ஸ்பயரி 25,000-லேயே பின் ஆகுமாம், அதாவது விலை அங்கேயே ஒட்டி நின்று முடியுமாம். லாபம் 9,100, நஷ்டம் அதிகபட்சம் 3,900தான், 3:30 வரை கை வைக்காதீர்கள் என்கிறார்கள். நம்பி உட்காரலாமா சார்?”

உட்கார வேண்டாம். செவ்வாய் மதியம் வரை சந்தை 25,000-ஐ ஒட்டியே இருந்தால் அப்போது கிடைப்பதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அதற்கு முன்பே விலகிப் போய்விட்டால் இன்னும் சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்தேன். 25,000 கால் ஆப்ஷனை 110-க்கும் புட்டை 100-க்கும் விற்றிருக்கிறீர்கள். ஹெட்ஜாக 25,200 காலையும் 24,800 புட்டையும் தலா 35-க்கு வாங்கியிருக்கிறீர்கள். 210 வந்தது, 70 போனது. கையில் நிற்பது 140 புள்ளி. லாட் 65 என்பதால் 9,100 ரூபாய். ஹெட்ஜ் 200 புள்ளி தள்ளி இருக்கிறது. அந்த 200-ல் 140 போக மீதி 60 புள்ளி, அதாவது 3,900 ரூபாய்தான் அதிகபட்ச நஷ்டம். குரூப்காரர் சொன்ன இரண்டு எண்ணும் சரி. அவர் சொல்லாமல் விட்டதுதான் விஷயம்.

அந்த 9,100 முழுதாகக் கிடைக்க நிஃப்டி மிகச் சரியாக 25,000-ல் முடிய வேண்டும். விலகும் ஒவ்வொரு புள்ளிக்கும் 65 ரூபாய் கழியும். 25,090-ல் முடிந்தால் 3,250 மிஞ்சும். 25,140-ல் ஒன்றும் மிஞ்சாது. 25,200-ல் முழு நஷ்டம். கீழேயும் இதே கதைதான், 24,860-ல் லாபம் தீர்ந்துவிடும். நீங்கள் விற்ற பிரீமியத்துக்குள்ளேயே சந்தை எவ்வளவு ஆடும் என்ற மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால், லாப எல்லைக்குள் முடிய நூற்றுக்கு 40 வாய்ப்பு. முழு நஷ்டத்துக்கு 45 வாய்ப்பு. 25,000-க்கு இருபுறமும் 20 புள்ளிக்குள் முடிய வெறும் 6. மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒன்பதாயிரம் வாங்குவது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஆப்பில் அந்த 9,100-ஐப் பச்சை எழுத்தில் பெரிதாகக் காட்டுகிறவர்கள் பக்கத்திலேயே இந்த 6-ஐயும் போட்டால் என்ன குறைந்துவிடும், தெரியவில்லை.

அப்புறம் இந்த பின் சமாசாரம். ஒரு ஸ்ட்ரைக்கில் நிறைய ஆப்ஷன் வாங்கி வைத்திருக்கும் பெரிய கைகள், தங்கள் ரிஸ்க்கைச் சமன் செய்ய, விலை ஏறினால் விற்பார்கள், இறங்கினால் வாங்குவார்கள். அதனால் விலை அந்த ஸ்ட்ரைக்கை விட்டு நகராமல் நிற்கும். ஆனால் அவர்கள் வாங்கி வைக்காமல் விற்று வைத்திருந்தால் எல்லாம் தலைகீழ், விலையை இன்னும் தள்ளிவிடுவார்கள். இன்னும் முடிக்காமல் நிற்கும் ஒப்பந்தங்களின் கணக்கான ஓப்பன் இன்ட்ரஸ்ட் எண்ணைப் பார்த்தால் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆப்ஷன் வாங்கியவர்களுக்கு மொத்தமாக அதிக நஷ்டம் வரும் விலை இதுதான் என்று ‘மேக்ஸ் பெயின்’ படம் போட்டுக் காட்டுகிறவருக்கும் தெரியாது. அதோடு, எக்ஸ்பயரி கணக்கு 3:30-க்குத் திரையில் கடைசியாகத் தெரியும் எண்ணை வைத்து முடிவதில்லை. நிஃப்டியில் உள்ள பங்குகளின் கடைசி அரைமணி நேர சராசரி விலையை வைத்துத்தான் குறியீட்டின் முடிவு விலை வரும். 3:29-க்கு 25,000 தெரிந்ததே என்று சண்டை போட முடியாது.

சரி, எப்போது வெளியேறுவது? விற்றது இரண்டு, வாங்கியது இரண்டு என நான்கு லெக்கையும் இப்போது முடித்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் பாருங்கள். தொடக்கத்தில் உங்கள் கைக்கு வந்தது 140. திங்கள் மாலை நிஃப்டி அதே 25,000-ல் இருந்தாலும், முடிக்க ஏறக்குறைய 123 ஆகும். லாபம் 17 புள்ளிதான். செவ்வாய் மதியம் அதே இடத்தில் இருந்தால் 100-க்குப் பக்கத்தில் வரும், லாபம் 40 புள்ளி, 2,600 ரூபாய். நுழைய நான்கு, வெளியேற நான்கு என எட்டு ஆர்டர். தரகு, ஜிஎஸ்டி, எஸ்டிடி எல்லாம் சேர்ந்து முந்நூறு ரூபாய் வரை போனாலும் இது நல்ல கூலி. அங்கே முடியுங்கள். மீதி நூறு புள்ளி அந்தக் கடைசி மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பறிபோவதும் அதே நேரத்தில்தான்.

நஷ்டப் பக்கத்தைக் கவனமாகப் படியுங்கள். திங்கள் மாலை நிஃப்டி 25,140 வந்துவிட்டது என்று வையுங்கள். முடிக்க ஆகும் விலை 138 போல இருக்கும். செலவு மட்டும்தான் நஷ்டம், கிட்டத்தட்ட இலவசமாக வெளியே வரலாம். செவ்வாய் மதியம் 25,200-ல் இருந்தால்கூட 154 போல, 900 ரூபாய் நஷ்டத்தோடு முடிகிறது. அதே 25,200-ல் மாலை வரை உட்கார்ந்தால் 3,900. விலை நடுவில் இருக்கும்போது நமக்குச் சாதகமாக ஓடும் நேரம், ஓரத்துக்குப் போனதும் நமக்கு எதிராக ஓடுகிறது. எனவே 25,140 அல்லது 24,860 தொட்டால் முடியுங்கள். திரும்பி வரும் என்று காத்திருப்பது வேறு ஒரு பந்தயம், அதை நீங்கள் போட வரவில்லை. சந்தை எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்பைக் காட்டும் விக்ஸ் திடீரென ஏறினால் இந்த எண்கள் சற்றுக் கூடும், வழி மாறாது.

முடிக்கும்போது விற்ற இரண்டையும் முதலில் திரும்ப வாங்குங்கள், பிறகு ஹெட்ஜை விற்கலாம். மாற்றிச் செய்தால் மார்ஜின் எகிறும். எக்ஸ்பயரி நாளில் விற்ற ஆப்ஷனுக்கு 2 சதவீதம் கூடுதல் மார்ஜின் வேறு உண்டு. உங்கள் ஒரு லெக்குக்கே 32,500 ரூபாய். திங்கள் இரவே கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தரகர் தன் இஷ்டத்துக்கு முடித்துவிடுவார்.

நிஃப்டி என்பதால் எல்லாம் பணத்தில் முடிகிறது. இதையே ஒரு பங்கில் செய்துவிடாதீர்கள், குரூப்காரர் அடுத்து அதைத்தான் சொல்வார். பங்கு ஆப்ஷனில் பணம் கைமாறாது, பங்குதான் கைமாறும். ஸ்ட்ரைக் 1,000, ஹெட்ஜ் 1,040, லாட் 500 என்று வைப்போம். பங்கு 1,012-ல் முடிகிறது. விற்ற கால் உயிரோடு இருக்கிறது, வாங்கிய ஹெட்ஜ் பூஜ்யமாகப் போய்விட்டது. இப்போது 500 பங்கைக் கொடுத்தாக வேண்டும். கையில் இல்லையென்றால் ஏலத்துக்குப் போகும், அபராதம் விழும். 988-ல் முடிந்தால், விற்ற புட்டுக்காக ஐந்து லட்சம் கொடுத்து வாங்கியாக வேண்டும். விலை அழகாக ஸ்ட்ரைக்கை ஒட்டி முடிந்த நாளில்தான் இந்தச் சிக்கல் வரும். லாபம் என்று நினைத்த இடத்திலேயே ஐந்து லட்சத்துக்கு அலைய வேண்டியிருக்கும். பங்கில் போட்டிருந்தால் எக்ஸ்பயரிக்கு முந்தைய வாரமே முடித்துவிடுங்கள்.

கடைசியாக அந்த குரூப். தி.நகர் மாடியில் ஞாயிறு வகுப்பு, பிரீமியம் குரூப், பிறகு ‘உங்கள் பாஸ்வேர்டைக் கொடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று வரிசையாக வரும். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் தனிநபர் எஃப் அண்ட் ஓ வர்த்தகர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டது தெரிந்தது. அந்த அமைப்பின் தென் மண்டல அலுவலகம் அண்ணா சாலையிலேயே இருக்கிறது, இவர்கள் ஒரு தெரு தள்ளி பேனர் கட்டுகிறார்கள். பதிவு எண் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் INH, ஆலோசகர் என்றால் INA என்று தொடங்க வேண்டும். கொடுத்த எண்ணையும் செபி தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், பெயர் ஒத்துப்போகிறதா என்று.