கேள்வி பதில்: சாதி அசையுமா? ஒரு தேர்வுக் கேள்வியும் கமுதி வழக்கும்

கேள்வி: "சாதி மூடிய அமைப்பு, வர்க்கம் திறந்த அமைப்பு" என்றுதான் சமூகவியல் தேர்வில் எழுதுகிறேன் ஐயா. பத்துக்கு ஐந்துக்கு மேல் மதிப்பெண் தாண்டவில்லை. என்ன விட்டுப்போகிறது?

பதில்: நீ எழுதுவது தவறில்லை அம்மா, பாதியில் நிற்கிறது. பிறந்த சாதியைவிட்டுத் தனிமனிதர் வெளியேற முடியாது என்பது சரி. ஆனால் ஒரு சாதி முழுவதும் சேர்ந்து தன் இடத்தை மாற்றிக்கொள்ள முயலலாம். விடைத்தாளில் அந்த வரியோடு ஒரு நேர்வையும் எழுது. எனக்குப் பிடித்தது நாடார்களின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் பனையேறுவதும் கருப்பட்டி காய்ச்சுவதும் அவர்களில் பலருக்குப் பிழைப்பு. கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் வியாபாரிகளாகி சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நிலைபெற்றார்கள். விருதுபட்டிதான் இன்றைய விருதுநகர். சரக்கும் வண்டியும் பத்திரமாக இருக்கப் பேட்டைகள் கட்டினார்கள். வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக உறவின்முறை என்ற ஊர்ச் சாதிச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பொதுப்பணம்தான் கதையின் உயிர்.

கேள்வி: அவர்கள் பூணூல் அணிந்து, சத்திரியர் என்று உரிமை கோரி உயர்ந்தார்கள். சமஸ்கிருதமயமாதலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது, அப்படித்தானே?

பதில்: முயன்றார்கள் என்பது உண்மை. அதனால் உயர்ந்தார்கள் என்பதுதான் இடிக்கிறது. மேல்சாதிப் பழக்கங்களை ஏற்று, அடுத்த தலைமுறைகளில் மேலான இடத்தைக் கோருவதையே சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் அந்தச் சொல்லால் குறித்தார். 1897இல் கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் அரசர் வழக்குப் போட்டார். நாடார்களுக்கு மதுரையில் தோல்வி, சென்னை உயர் நீதிமன்றத்தில் தோல்வி, கடைசியில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோல்வி. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1899இல், சிவகாசியில் நாடார்கள் மீது பெரும் தாக்குதல் நடந்தது. சத்திரியர் என்ற கோரிக்கையை மேலே இருந்தவர்களும் ஏற்கவில்லை, நீதிமன்றமும் ஏற்கவில்லை.

பிடித்து ஏறக் கயிறாக இருந்தவை வேறு. 1880களில் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் உருவானது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. பின்னால் அதுதான் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அதே ஆண்டில் அரசுப் பதிவுகளில் 'சாணார்' என்ற பெயர் போய் 'நாடார்' வந்தது. பள்ளிக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: பெயரில் சத்திரியக் கனவு, உள்ளே நவீனப் படிப்பு. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் முறைப்படி போனது 1939இல்தான். அதற்கு அரசியலும் கோயில் நுழைவு இயக்கமும் வேண்டியிருந்தன. எனவே விடையில் சத்திரியக் கோரிக்கை ஒன்று, பள்ளியும் சங்கமும் வங்கியும் இன்னொன்று என்று இரண்டு இழைகளையும் பிரித்து எழுதுங்கள்.

கேள்வி: எனக்குக் கோவையிலிருந்து திருச்சிக்கு மாற்றல் வந்திருக்கிறது. பதவியும் சம்பளமும் அதேதான். இது கிடைநிலை நகர்வா?

பதில்: இது முதன்மையாக ஊர் மாற்றம் தம்பி. சில பாடநூல்கள் இதையும் கிடைநிலை நகர்வில் சேர்க்கின்றன, ஆனால் அதே மதிப்புள்ள வேறு தொழிலுக்குப் போவதே அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. திருச்சி வெயிலுக்கு ஒரு குடை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பா கொத்தனார். நான் வங்கியில் எழுத்தர். ஆனால் வாடகைக்கு வீடு கேட்டால் சம்பளத்துக்கு முன்னால் சாதியைத்தான் கேட்கிறார்கள். நான் மேலே போயிருக்கிறேனா இல்லையா?

பதில்: தொழில் ஏணியில் அப்பாவைவிட மேலே போயிருக்கிறீர்கள், தலைமுறைகளுக்கிடையிலான செங்குத்து நகர்வு என்று அதை எழுதலாம். ஆனால் வீட்டுக்காரர் பார்க்கும் ஏணி வேறு. சந்தையில் நீங்கள் நிற்கும் இடம் வர்க்கம், பிறர் உங்களுக்குத் தரும் மதிப்பு இன்னொன்று, அதிகாரம் மூன்றாவது என்று சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் பிரித்தார். மூன்றும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. சிவகாசி வியாபாரிகளிடம் பணம் வந்த பிறகும் கோயில் கதவு பல ஆண்டுகள் மூடியே இருந்ததே, அதே இடைவெளிதான் உங்கள் வீட்டு வாசலிலும் இருக்கிறது.

கேள்வி: எல்லா நாடார்களும் உயர்ந்துவிட்டதுபோல் எழுதுகிறீர்களே! உடன்குடிப் பக்கம் என் தாத்தா கடைசிவரை பனையேறியாகவே இருந்து செத்தார்.

பதில்: நல்ல குத்து, ஏற்கிறேன். மகமைப் பணம் பேட்டை ஊர்களின் பணம். தேரிக்காட்டுப் பனையேறி வரை அது ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. 1954இல் விருதுநகர்க்காரரான காமராசர் முதலமைச்சரானபோதும் பனங்காட்டில் ஏறி இறங்கியவர்கள் இருந்தார்கள். அப்படியானால் இதைச் சாதியின் நகர்வு என்பதா, ஒரு சாதிக்குள் வர்க்கம் பிளந்தது என்பதா? பெயர், பள்ளி, கோயில் ஆகியவை எல்லோருக்கும் கிடைத்த மாற்றங்கள், செல்வம் சிலருக்கு மட்டும் என்று நான் வகுப்பில் சொல்வேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் பிளவு என்றே வாதிட்டார். ஓய்வு பெறும்வரை அவரும் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை. உங்கள் தாத்தா மேலே போனாரா என்று கேட்டால் என் விடை சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது.